கண்ணாடிக்கு அடியில் ஒரு சுருள்கம்பி

தொடுவிசை வைத்த இண்டக்‌ஷன் அடுப்பில் அழுத்தினால் உள்ளே போகும் பொத்தான் எதுவும் கிடையாது. வழவழப்பான கறுப்புக் கண்ணாடியில் சில குறிகள் அச்சிடப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கூட்டல் குறிமேல் விரல் வைத்தால் சூடு ஏறுகிறது. பேனாவின் பிளாஸ்டிக் மூடியால் அதே இடத்தை எவ்வளவு அழுத்தினாலும் அடுப்பு அசைந்து கொடுப்பதில்லை. ஆக, அடுப்பு அறிவது அழுத்தத்தை அல்ல. விரலின் சூட்டையும் அல்ல, ஐஸ்கட்டியைப் பிடித்துவிட்டு வந்த விரலுக்கும் அது கட்டுப்படுகிறது. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் விரலை அது வேறொரு வழியில் கண்டுபிடிக்கிறது.

பழுதுபார்க்கிறவர் அடுப்பைத் திறந்தால் அந்த வழி கண்ணில் படும். பல மாடல்களில் ஒவ்வொரு குறிக்கும் நேர் அடியில், மின்சுற்றுப் பலகையின்மேல் சிறிய உலோகச் சுருள்கம்பி ஒன்று நின்றுகொண்டிருக்கும். அதன் தலை கண்ணாடியின் அடிப்புறத்தை முட்டிக்கொண்டிருக்கும். அதன் கால், ஒரே ஒரு கம்பித்தடம் வழியாக மைக்ரோகன்ட்ரோலர் சில்லுக்குப் போகிறது. இரண்டு முனைகள் சேர்ந்தால் வேலை செய்யும் சாதாரண சுவிட்சு அங்கே இல்லை. சுருள்கம்பிக்கு ஒரு முனைதான். மறுமுனை விரல்.

மின்சாரம் பாயும் இரண்டு பொருள்களுக்கு நடுவே மின்சாரம் பாயாத ஒரு பொருள் இருந்தால், அந்த அமைப்பு கொஞ்சம் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும். அதுதான் மின்தேக்கி. வீட்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்றும்போது எலெக்ட்ரீசியன் மாற்றிக்கொடுக்கும் ‘கண்டென்சர்’ அந்த இனத்தைச் சேர்ந்ததே. அடுப்பில் சுருள்கம்பி ஒரு தகடு, கண்ணாடி நடுப்பொருள், உப்புநீர் நிறைந்த மனித விரல் இன்னொரு தகடு. விரல் வரும் முன்பும் சுருள்கம்பிக்கும் சுற்றியிருக்கும் கம்பித்தடங்களுக்கும் இடையே சிறிது தேக்கம் இருக்கத்தான் செய்யும். விரல் அதோடு கொஞ்சம் சேர்க்கிறது.

எவ்வளவு சேர்க்கிறது? விரல் நுனி ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குப் படிவதாகவும், நடுவில் 4 மில்லிமீட்டர் கண்ணாடி இருப்பதாகவும் கொண்டு கணக்குப் போட்டால் விடை ஒரு பிக்கோஃபாரட்டுக்குச் சற்று மேலே வருகிறது. ஒரு ஃபாரட்டை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் பிக்கோஃபாரட். மின்விசிறியில் போடும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரோடு ஒப்பிட்டால் இது 25 லட்சத்தில் ஒரு பங்கு.

அடுப்பைத் தொடுகிறவர் ரப்பர் செருப்புப் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஒன்றும் ஆகாது. மனித உடல் முழுவதற்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் தேக்குதிறன் எப்போதும் இருக்கிறது. விரல் நுனியின் ஒன்றோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரியது. அதனால் தரையோடு நேரடித் தொடர்பு இல்லாமலேயே உடல் மறுமுனையாக நின்றுகொள்ளும்.

இத்தனை சிறிய மாற்றத்தை ஒரு மலிவான சில்லு எப்படி அளக்கிறது என்பதுதான் இதில் அழகான பகுதி. அது தேக்குதிறனை நேரடியாக அளப்பதே இல்லை. நேரத்தை அளக்கிறது. நூல் போல ஒழுகும் குழாயில் குடம் பிடிக்கிறவருக்கு, எந்தக் குடம் பெரியது என்பது அது நிரம்பும் நேரத்திலேயே தெரிந்துவிடும். சில்லும் அப்படித்தான் செய்கிறது. சுருள்கம்பியை முதலில் சுத்தமாகக் காலி செய்கிறது. பிறகு பெரிய மின்தடை ஒன்றின் வழியாக மெல்ல மின்னேற்றி, மின்னழுத்தம் பாதி உயரத்தை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுகிறது. அளக்கும் முறைகள் வேறு சிலவும் உண்டு. புரிந்துகொள்ள எளியது இதுதான்.

எண்களை வைத்தே பார்த்துவிடலாம். மின்தடை 10 லட்சம் ஓம். விரல் இல்லாதபோது சுருள்கம்பியின் தேக்குதிறன் 10 பிக்கோஃபாரட். பாதி மின்னழுத்தத்தை எட்ட 6.9 மைக்ரோவினாடி ஆகும். சில்லின் கடிகாரம் வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது என்றால், அந்த நேரத்துக்குள் 111 துடிப்புகள். விரல் வைத்ததும் தேக்குதிறன் 11 பிக்கோஃபாரட் ஆகிறது, துடிப்புகள் 122 ஆகின்றன. வித்தியாசம் வெறும் 11.

இந்த 11-ஐ நம்பி அடுப்பை இயக்க முடியாது. மின்கம்பியில் வரும் இரைச்சலும் பக்கத்தில் ஓடும் மிக்சியும் விரலே இல்லாதபோதும் எண்ணைச் சற்று ஏற்றி இறக்கும். ஒரு முறை 111 வரும், அடுத்த முறை 107, அதற்கடுத்து 116. ஆகவே சில்லு நூறு முறை அளந்து எல்லாவற்றையும் கூட்டுகிறது. விரல் இல்லாதபோது கூட்டுத்தொகை ஏறத்தாழ 11,090, விரல் இருந்தால் 12,200. விரலின் பங்கு நூறு மடங்கு பெருகிவிட்டது. முன்னும் பின்னும் தாறுமாறாக ஆடும் இரைச்சலோ ஒன்றையொன்று தின்றுகொண்டு பத்து மடங்கு அளவுக்கே பெருகுகிறது. இவ்வளவும் முடியச் சில மில்லிவினாடிகள் போதும். விரலுக்குச் சொந்தக்காரர் காத்திருந்ததாக உணரவே மாட்டார்.

அடுத்து, எந்த எண்ணைத் தாண்டினால் ‘தொட்டார்கள்’ என்று கொள்வது? இங்கேதான் பொறியாளரின் தலைவலி தொடங்குகிறது. 11,090 என்ற அடிப்படை எண் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பால் கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடி சூடேறும். மழைநாளில் காற்றில் ஈரம் கூடும். அரைமணி நேரத்தில் அடிப்படை எண்ணே சில நூறு நகர்ந்துவிடலாம். இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது, ஆனால் கூர்மையானது: மெதுவாக வரும் மாற்றம் சுற்றுச்சூழலின் வேலை, சட்டென்று வரும் மாற்றம் விரலின் வேலை. மெதுவாக நகரும் எண்ணைச் சில்லு பின்தொடர்ந்து சென்று, அதையே புதிய அடிப்படையாக ஏற்கிறது. அதைவிட 550 சட்டென்று கூடினால் தொடுகை என்று கொள்கிறது. எண் அதற்குக் கீழே இறங்கிய மறுகணமே விரல் எடுபட்டதாக முடிவு செய்வதில்லை. 350-க்கும் கீழே போகும்வரை பொறுத்திருக்கிறது. இல்லாவிட்டால் எல்லைக்கோட்டில் ஆடும் எண், ஒரே தொடுகையை நாலைந்து தொடுகைகளாக மாற்றிவிடும். விரல் மேலே இருக்கும் வரை அடிப்படை எண்ணை நகர்த்தவும் கூடாது. நகர்த்தினால் நெடுநேரம் வைத்த விரலும் சுற்றுச்சூழலின் ஒரு பகுதி ஆகிவிடும்.

அந்தக் கடைசிச் சிக்கல் வீட்டிலும் நேரக்கூடியது. தொடுவிசைகள்மேல் ஈரத்துணி கிடக்கும்போது அடுப்புக்கு மின்சாரம் கொடுத்தால், துணியோடு சேர்ந்த அளவையே சில்லு அடிப்படையாகக் கற்றுக்கொள்ளும். பிறகு துணியை எடுத்தால் எண் அடிப்படைக்கும் கீழே விழுந்துவிடும். விரல் வைத்தாலும் எல்லையை எட்டாது. நன்றாக எழுதப்பட்ட நிரல், எண் இப்படிக் கீழே விழுந்தால் அடிப்படையையும் விரைவாகக் கீழே இழுத்துக்கொள்ளும். அந்த ஏற்பாடு இல்லாத அடுப்பு சிறிது நேரம் செவிடாக இருக்கும்.

பழுதுகளில் ஒன்றுமட்டும் தனியாகச் சொல்லத் தக்கது. கண்ணாடி மாற்றிய பிறகு ஒரு விசை மட்டும் மந்தமாகிவிட்டால், சுருள்கம்பி வளைந்து கண்ணாடியை முட்டாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்தேக்கத்துக்கு உதவுவதில் கண்ணாடி, காற்றைவிடச் சுமார் ஏழு மடங்கு மேல். அதனால் ஒரு மில்லிமீட்டர் காற்று இடைவெளி, கூடுதலாக ஏழு மில்லிமீட்டர் கண்ணாடி வைத்ததற்குச் சமம். மேலே பார்த்த கணக்கில், விரல் தர வேண்டிய 1,100 துடிப்புகள் சுமார் 400-க்கு இறங்கிவிடும். 550 என்ற எல்லையை அது எட்டாது. பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுருள்கம்பியை நிறுத்துவதே இந்த இடைவெளி வராமல் தடுக்கத்தான். இந்த நிலையில் சிலர் விரலை அழுத்தி வைத்து வேலையை முடித்துக்கொள்வார்கள். அழுத்தத்தை அடுப்பு உணர்ந்ததாக அவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அழுத்தும்போது விரல் நுனி தட்டையாகிப் பரப்பு கூடுகிறது, தேக்கமும் கூடுகிறது.

சாதம் பொங்கிக் கஞ்சி வழிந்தால் அடுப்பு ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டு அணைந்துபோவதும் இதே கதையின் தொடர்ச்சி. கஞ்சித் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அது ஒரு சுருள்கம்பியின் மேலிருந்து அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் பரவுகிறது. விரல் என்றால் ஒரு விசையின் எண் மட்டும் ஏறும், பக்கத்திலுள்ளவை லேசாக அசையும். வழிந்த நீர் என்றால் மூன்று நான்கு விசைகள் ஒன்றாக ஏறும். இதை யாரும் வேண்டுமென்று தொட்டிருக்க முடியாது என்று கணித்து, சில்லு அடுப்பை நிறுத்துகிறது. அது கோளாறு அல்ல, பாதுகாப்பு.

கைபேசித் திரையும் இதே தத்துவம்தான், ஆனால் அளவீடு தலைகீழ். கண்ணுக்குத் தெரியாத கடத்தித் தடங்கள் கிடையாகவும் செங்குத்தாகவும் ஓடுகின்றன. ஒரு வரிசைக்குக் குறிகை கொடுத்து, அதைக் குறுக்கே வெட்டும் தடங்களில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கிறார்கள். விரல் அருகில் வந்தால் இரண்டுக்கும் இடையிலான மின்புலத்தில் ஒரு பகுதியை அது தன் உடல் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஆகவே எண் குறைகிறது. ஒவ்வொரு குறுக்குவெட்டும் தனித்தனியாக அளக்கப்படுவதால் ஒரே நேரத்தில் பல விரல்களையும் அடையாளம் காண முடிகிறது. தனித்து நிற்கும் நீர்த்துளியோ எண்ணைக் கூட்டுகிறது. விரலையும் மழைத்துளியையும் பிரித்தறிய அந்த எதிர்த்திசை பெரிதும் கைகொடுக்கிறது. தரமற்ற சார்ஜரில் போட்டிருக்கும்போது திரை தானாகத் துள்ளுவதற்கும் காரணம் அளவீட்டில்தான் இருக்கிறது. சார்ஜரின் இரைச்சலால் கைபேசி முழுவதன் மின்னழுத்தமும் தரையை ஒப்பிட்டு ஆடுகிறது. உடல் ஆடுவதில்லை. விரல் தொட்ட இடத்தில் அந்த ஆட்டமும் அளவீட்டில் கலந்துவிடுகிறது. சார்ஜரைக் கழற்றியதும் துள்ளல் நின்றால், பழுது பெரும்பாலும் திரையில் இல்லை.

அடுப்பு சொன்னபடி கேட்காத நாளில் மெக்கானிக்கை அழைக்கும் முன் ஒன்று செய்து பார்க்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைத்து, மேலே பாத்திரமோ துணியோ கையோ இல்லாமல் மறுபடி மின்சாரம் கொடுங்கள். சில்லு புதிதாக ஓர் அடிப்படை எண்ணை எடுத்துக்கொள்ளும். அதன்பிறகும் ஒரே ஒரு விசை மட்டும் அடம்பிடித்தால், அந்தக் குறிக்குக் கீழே இருக்கும் சுருள்கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.