தட்டு அசைகிறது, தண்ணீர் எவ்வளவு தூரம் அசைகிறது?

ஓர் அண்டா நிறைய விளக்கெண்ணெய். அதன் அடியில் கிடையாக ஓர் அகலத் தட்டு. தட்டை மேலும் கீழுமாக இல்லாமல், பக்கவாட்டில், நொடிக்கு ஒரு முறை போய்வரும்படி அசைத்தால் என்ன நடக்கும்?

தட்டைத் தொட்டிருக்கும் எண்ணெய் தட்டோடு ஒட்டிக்கொண்டே போய்வரும். அது தனக்கு மேலுள்ள படலத்தை உரசி இழுக்கும்; அந்தப் படலம் தனக்கு மேலுள்ளதை இழுக்கும். ஒவ்வொரு படலமும் கீழுள்ளதைவிடச் சற்றுப் பிந்தி, சற்றுக் குறைவாக அசையும். சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போனால் இந்தத் தாமதம் அரைச் சுற்றாகிவிடுகிறது. தட்டு வலப்பக்கம் போகையில் அங்குள்ள எண்ணெய் இடப்பக்கம் போகும்! ஆனால் அந்த அசைவு, தட்டின் அசைவில் 4 சதவீதம்தான்.

இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். ஊசலின் ஆட்டத்தைக் காற்று எப்படித் தடுக்கிறது என்பதை ஆராய்ந்து 1851இல் வெளியான அவருடைய கட்டுரையில் இந்தத் தட்டும் வருகிறது. மேலே பரவுவது ஓர் அலைதான், ஆனால் விசித்திரமான அலை. வீணைத் தந்தியை இழுத்துவிட்டால் விறைப்பு அதைத் திருப்பி இழுக்கும். தண்ணீரிலோ எண்ணெயிலோ அப்படித் திருப்பி இழுக்க எதுவும் இல்லை. அலையைச் சுமந்துசெல்வதும் உராய்வுதான், அதைத் தின்று தீர்ப்பதும் அதே உராய்வுதான். அதனால் ஓர் அலைநீளத் தூரம் போவதற்குள் அசைவு 500இல் ஒரு பங்காகிவிடுகிறது.

அசைவு 37 சதவீதமாகக் குறையும் உயரத்தை ஊடுருவும் ஆழம் என்பார்கள். நொடிக்கு ஒரு முறை அசையும் தட்டுக்கு இது விளக்கெண்ணெயில் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர், தண்ணீரில் 0.56 மில்லிமீட்டர். காற்றில்? 2.2 மில்லிமீட்டர், அதாவது தண்ணீரில் உள்ளதைப்போல நான்கு மடங்கு. காற்றின் பாகுநிலை தண்ணீருடையதைவிட மிகக் குறைவுதான். ஆனால் இங்கே பாகுநிலையை அடர்த்தியால் வகுத்துப் பார்க்க வேண்டும். காற்று அவ்வளவு லேசானது என்பதால், சிறிய உராய்வே அதை நகர்த்தப் போதும்.

வேகமாக அசைத்தால் ஆழம் குறையும். ஒரு படலம் அடுத்ததை இழுத்து முடிப்பதற்குள் தட்டு திரும்பிவிடுகிறது. அதிர்வெண்ணை நான்கு மடங்காக்கினால் ஆழம் பாதியாகும்.

இந்தக் கணக்கை ஆய்வகங்களில் அன்றாடம் பயன்படுத்தும் கருவி ஒன்று உண்டு: மின்சாரத்தால் பக்கவாட்டில் அதிரும் குவார்ட்ஸ் படிகத் தட்டு. தடிமன் 0.33 மில்லிமீட்டர், இரு முகங்களிலும் தங்கப் பூச்சு, நொடிக்கு 50 லட்சம் அதிர்வுகள். இந்த வேகத்தில் தண்ணீருக்குள் ஊடுருவும் ஆழம் 250 நானோமீட்டர்தான். அதன் ஒரு முகத்தில் தண்ணீரை ஊற்றினால், அது அரை மில்லிமீட்டர் ஆழமாக இருந்தாலும் அரை அடி ஆழமாக இருந்தாலும், அதிர்வெண் ஏறக்குறைய 714 ஹெர்ட்ஸ் குறையும்.

அந்த 714க்குள் ஓர் அழகான நுணுக்கம் இருக்கிறது. தட்டின் மீது தண்ணீர் செலுத்தும் இழுவை, தட்டின் வேகத்தோடு ஒத்துப்போவதில்லை. எட்டில் ஒரு சுற்று முந்தி நிற்கிறது. இதனால் இழுவையின் ஒரு பகுதி கூடுதல் எடைபோல நின்று அதிர்வெண்ணைக் குறைக்கிறது, அதே அளவுள்ள மறுபகுதி பிரேக்குபோல நின்று அதிர்வைத் தேய்க்கிறது. கருவி இரண்டையும் ஹெர்ட்ஸிலேயே அளப்பதால் ஒப்பிடுவது எளிது. இரண்டும் சமமாக மாறினால், மாறியது திரவத்தின் பாகுநிலையோ அடர்த்தியோதான். அதிர்வெண் மட்டும் குறைந்து தேய்மானம் அப்படியே இருந்தால், படிகத்தின் மேல் விறைப்பான படலம் ஒன்று படிந்திருக்கிறது.

இதை மறந்தால் அளவீடு ஏமாற்றிவிடும். தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் அதன் பாகுநிலை 2 சதவீதத்துக்கு மேல் குறைந்து, அதிர்வெண் சுமார் 8 ஹெர்ட்ஸ் ஏறும். மெல்லிய புரதப் படலம் தரும் மாற்றமே சில பத்து ஹெர்ட்ஸ்தான் என்னும்போது, இது சின்னப் பிழை அல்ல. பரப்பு சொரசொரப்பாக இருந்தால் குழிகளில் சிக்கிய தண்ணீர் தட்டோடு சேர்ந்தே அதிர்ந்து, படிந்த எடைபோலக் கணக்கில் ஏறும். காற்றுக்குமிழி ஒட்டினால் அந்த இடத்தில் தண்ணீரின் இழுவையே இருக்காது. எண்கள் காரணமில்லாமல் தாவும்.

இன்னொரு சிக்கல் பாக்டீரியாவை அளக்கும்போது வருகிறது. அதன் உயரம் சுமார் ஒரு மைக்ரோமீட்டர், ஊடுருவும் ஆழத்தைப்போல நான்கு மடங்கு. மெல்லிய இழைகளால் மட்டும் பற்றிக்கொண்டு சற்று மேலே நிற்கும் பாக்டீரியாவின் பெரும்பகுதி, தட்டின் அசைவு எட்டாத அமைதியான தண்ணீரில் இருக்கிறது. அப்போது ஒட்டியவற்றின் எடைக்கேற்ப அதிர்வெண் குறைவதில்லை. சில வேளைகளில் கூடவும் செய்கிறது.