எண்ணெய் பாக்கெட் எப்போது ஆர்டர் போடுவது?

வேகமாக விற்கும் சரக்கை ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்றுதான் கடைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது சுலபமான பாதி.

ஒரு மளிகைக் கடையில் ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் நாளுக்குச் சராசரியாக 40 விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 360 நாள் வியாபாரம் என்றால் வருடத்துக்கு 14,400. ஒவ்வொரு ஆர்டருக்கும் வண்டி வாடகை, சரிபார்க்கும் ஆள் கூலி என 240 ரூபாய் ஆகிறது. 150 ரூபாய் பாக்கெட் ஒன்றை வருடம் முழுக்க குடோனில் வைத்திருந்தால் வட்டி, இடம், கசிவு என்று 30 ரூபாய் போகும்.

1913இல் அமெரிக்கரான ஃபோர்ட் ஹாரிஸ் கொடுத்த சூத்திரம் இதற்குத்தான்:

√(2 × 14,400 × 240 ÷ 30) = 480

இந்த 480தான் மிகு ஆதாயக் கோருதல் அளவு. பன்னிரண்டு நாள் விற்பனை. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 600 பாக்கெட்டாக வாங்கினாலும் வருடச் செலவு 14,400 ரூபாயிலிருந்து 14,760க்குத்தான் ஏறும். பெட்டிக்கணக்குக்குத் தோதாக முன்னே பின்னே வாங்கலாம்.

எப்போது ஆர்டர் போடுவது என்பதில் அந்தச் சலுகை கிடையாது. சரக்கு வந்துசேரச் சராசரி 4 நாள் ஆகிறது. அதற்குள் 160 பாக்கெட் விற்றுவிடும். ஆனால் விற்பனையும் சீராக இருக்காது, சப்ளையரும் சீராக இருக்கமாட்டார். தினசரி விற்பனையின் திட்ட விலக்கம் 10 பாக்கெட், சப்ளையரின் தாமதத்தில் 1 நாள் என்போம். பழைய பில்களை எக்செல்லில் ஏற்றி `STDEV.S` போட்டால் இரண்டும் கிடைத்துவிடும்.

√(4 × 10² + 40² × 1²) ≈ 45

நூறு ஆர்டரில் 95இல் சரக்கு தீராமல் இருக்க இதை 1.65ஆல் பெருக்க வேண்டும். வருவது 74, இதுதான் காப்பு இருப்பு. கையிருப்பும் வழியில் வரும் சரக்கும் சேர்ந்து 160 + 74 = 234க்கு இறங்கியதும் ஆர்டர் போக வேண்டும்.

வர்க்கமூலத்துக்குள் பாருங்கள். வாடிக்கையாளர்களின் ஏற்ற இறக்கம் 400, சப்ளையருடையது 1,600. காப்பு இருப்பைப் பெருக்குவது பெரும்பாலும் அவர்தான். அவருடைய விலக்கம் அரை நாளாகக் குறைந்தால் 74 என்பது 47 ஆகிவிடும். விலையில் ஐம்பது பைசா குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் நேரத்தில், வண்டி எந்தக் கிழமை வரும் என்று உறுதி கேட்டு வாங்குவதும் பலன் தரும்.

கணக்கு பொய்த்துப்போகும் இடம் பில்கள்தான். சரக்கு இல்லாத நாளில் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகும். கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் பில்லில் இருக்கமாட்டார்கள். அந்த நாட்களை நீக்கிவிட்டுச் சராசரி எடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களுக்கோ, சென்ற வருடத்து அதே வாரங்களை வைத்துத் தனிக் கணக்கே போட வேண்டும்.