ஐப்பசிக்கு ஒரு வாடகை, சித்திரைக்கு ஒரு வாடகை

புரட்டாசிக் கடைசியில் ஒரு நல்ல மழை விழுந்துவிட்டால் போதும், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் டிராக்டர் வைத்திருப்பவரின் செல்போன் ஓயாது. "அண்ணாச்சி, நாளைக்கு வந்திருவீகளா?" என்று ஒரே நாளில் இருபது பேர் கேட்பார்கள். வண்டி ஒன்றுதான். கரிசல் மண்ணோ யாருக்கும் காத்திருக்காது. மழை விட்டதும் சில நாள் சக்கரம் புதையும்; பிறகு உழவுக்கு ஏற்ற பதம் வரும்; அது தவறினால் மேல்மண் காய்ந்து வெடிக்கத் தொடங்கிவிடும். அந்தச் சில நாட்களுக்குள் ஊர் முழுவதும் விதைத்து முடிக்க வேண்டும்.

அதே டிராக்டர் சித்திரையிலும் வைகாசியிலும் பாதி நாள் கொட்டகையில் நிற்கிறது. ஆனால் பெரும்பாலான ஊர்களில் வாடகை மட்டும் ஆண்டு முழுவதும் ஒன்றேதான். வேளாண் பொறியியல் துறை ஒரே மணி வாடகை வைத்து, உழவன் செயலியில் முன்பதிவு செய்பவர்களுக்கு டிராக்டர் அனுப்புகிறது. அதிலும் மழைக்காலம், கோடை என்ற வேறுபாடு இல்லை. விலை மாறாதபோது வரிசைதான் நீளும். வரிசையில் பத்தாவதாக நிற்பவர் பணமாக எதுவும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. ஆனால் ஈரத்தை இழக்கிறார். தாமதமாக விதைத்த மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுபோய்விட்டால் அந்த இழப்பு களத்தில் தெரியும்.

இதே கோவில்பட்டியில் நூற்பாலைகள் வேறு விதமான விலைக்குப் பழகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. உயரழுத்த மின் இணைப்பு உள்ள ஆலைகளுக்கு, காலை, மாலை உச்ச நேரத்து மின்சாரத்துக்கு மின்வாரியம் 25 சதவீதம் கூடுதலாக வாங்குகிறது. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 5 சதவீதம் தள்ளுபடி தருகிறது. மின் நிலையத்தின் திறனும் ஒரு டிராக்டரின் திறனைப் போல அளவுக்குட்பட்டதுதான். மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கெரியும்போது எவ்வளவு தேவையோ, அதற்கேற்பத்தான் நிலையம் கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே கட்டிய செலவின் பெரும்பகுதியை அந்த நேரத்தில் பயன்படுத்துபவரே ஏற்க வேண்டும். நள்ளிரவில் பயன்படுத்துபவர் அந்த யூனிட்டுக்கு ஆகும் கூடுதல் செலவைக் கொடுத்தால் போதும். பிரான்சு நாட்டின் மின் நிறுவனத்தில் பணியாற்றி, பிறகு அதற்கே தலைமை தாங்கிய மார்செல் புவாத்தே என்ற பொருளியலாளர் 1949-ல் இந்தக் கணக்கை எழுதி வைத்தார்.

இதை டிராக்டருக்குப் போட்டுப் பார்க்க ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றைக் கலப்பையோடு வாங்கியிருக்கிறது. கடன் வட்டி, தேய்மானம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,40,000 ரூபாய். வண்டி ஓடினாலும் நின்றாலும் இந்தச் செலவு வரும். இதை நிற்கும் செலவு என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கூடுதலாக ஒரு மணி நேரம் ஓட்டினால் ஆகும் செலவு. டீசல் நான்கு லிட்டர், சுமார் 370 ரூபாய். ஓட்டுநர் கூலி 130. ஆயில், டயர் தேய்மானம், கலப்பைக் கொழு, பழுது ஆகியவற்றுக்கு 100. மொத்தம் 600 ரூபாய். வண்டியைக் கொட்டகையிலேயே விட்டிருந்தால் இந்த 600 செலவாகியிருக்காது. இதுதான் ஒரு மணியின் கூடுதல் செலவு.

வண்டி ஆண்டுக்கு 700 மணி ஓடுகிறது. மழைக்காலத்தின் 30 நாளில் நாளுக்குப் பத்து மணி வீதம் 300 மணி. மீதி 400 மணி மற்ற மாதங்களில். நிற்கும் செலவை 700 மணிக்கும் சமமாகப் பிரித்தால் மணிக்கு 200. அதோடு 600 சேர்த்து 800 ரூபாய் என்று குழு வாடகை வைக்கிறது. கணக்குச் சரியாகத்தான் தெரியும், நட்டமும் இல்லை.

கோடையில் ஒருவர் வருகிறார். "எழுநூறுன்னா கோடை உழவு ஓட்டிக்கிடுதேன், எண்ணூறுன்னா வேண்டாம்" என்கிறார். 800 அடக்கம் ஆகிறதே, 700-க்கு ஓட்டினால் நூறு ரூபாய் நட்டம் என்று குழு மறுத்துவிடுகிறது. தவறு இங்கேதான். அவருக்கு ஓட்டினால் கையை விட்டுப் போவது 600, வருவது 700. நூறு ரூபாய் மிச்சம். ஓட்டாவிட்டாலும் நிற்கும் செலவு குறையப்போவதில்லை. மறுத்ததால் குழு நூறு ரூபாயையும், அவர் கோடை உழவையும் இழந்ததுதான் கண்ட பலன்.

மழைக்காலத்தின் கதை வேறு. அப்போது குழுவிடம் உள்ள மணி 300. கேட்டு வருவது 380 மணிக்கு. 80 மணி வேலை நடக்காமலே போகிறது. அந்த நாட்களில் ஒருவருக்கு ஒரு மணி ஓட்டினால், இன்னொருவருக்கு ஒரு மணி இல்லை என்று பொருள். ஆகவே 600 ரூபாயைக் கூடுதல் செலவு என்று அப்போது சொல்ல முடியாது.

குழு வாடகையை இரண்டாகப் பிரித்து, மற்ற மாதங்களில் 700, மழைக்கால 30 நாளில் 890 என்று வைத்தால் என்ன ஆகும்? மழைக்கால மணியில் 600 போக 290 மிஞ்சும். 300 மணிக்கு 87,000. மற்ற மாதங்களில் மணிக்கு நூறு மிஞ்சும். பழைய 400 மணியே ஓடினால் 40,000 மட்டும் வந்து, மொத்தத்தில் 13,000 குறையும். குறைந்த வாடகைக்காகப் புதிதாக 150 மணி வேலை வந்தால் 55,000 ஆகும். இரண்டும் சேர்ந்து 1,42,000. நிற்கும் செலவு அடைந்து, 2,000 கையில் நிற்கிறது. ஆகவே திட்டம் வெல்வதும் தோற்பதும் அந்த 150 மணி வருமா என்பதைப் பொறுத்தது. அதைக் கேட்டு எழுதி வாங்காமல் வாடகையைக் குறைப்பது சூதாட்டம்.

எங்கிருந்து வரும் அந்த 150 மணி? கோடை உழவு 70 மணி என்று வைத்துக்கொள்வோம். மீதி 80 மணிக்குக் கரிசல் நிலத்துக்கே உரிய வழி ஒன்று இருக்கிறது. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவது. 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை இது. கோடையிலேயே உழுது வைத்த நிலத்தில், செப்டம்பரில், விதைப்புக் கருவியால் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் சோளம், பருத்தி போன்றவற்றை விதைக்கிறார்கள். ஆழம் முக்கியம். மேலாக விதைத்தால் ஒரு சிறு தூறலுக்கே விதை முளைத்து, அடுத்த மழை வராமல் கருகிவிடும். ஆழத்தில் இருந்தால் நல்ல மழை இறங்கினால்தான் முளைக்கும். விதையைக் கடினப்படுத்தி விதைப்பதும் இதற்காகவே. முதல் மழையையே பயிர் பயன்படுத்திக்கொள்வது உழவருக்கு லாபம். அவர் மழைக்குப் பின் வரிசையில் நிற்காதது குழுவுக்கு லாபம்.

செப்டம்பரில் வருபவருக்கு 700, மழைக்குப் பின் வருபவருக்கு 890. மணிக்கு 190 ரூபாய் வித்தியாசம் எல்லோரையும் முன்கூட்டி விதைக்க வைத்துவிடாது. சிலருக்கு அந்த முறையில் நம்பிக்கை இருக்காது, சிலரின் நிலம் கோடையில் உழாமல் கிடக்கும். ஆனால் மாறக்கூடிய 80 மணி மாறினாலே மழைக்காலத் தேவை 300-க்கு வந்துவிடும். வரிசை தீரும்.

தவறு நேரும் இடங்கள் இரண்டு. முதலாவது, கூடுதல் செலவு என்றால் டீசல் மட்டும்தான் என்று நினைத்து வாடகையை 450-க்கு இறக்குவது. பணம் வருவதுபோல் தெரியும். டயர் மாற்றும் நாளில்தான் உண்மை வெளிப்படும். வெடித்துக் கட்டியான கோடைக் கரிசலில் டீசல் கூடவே குடிக்கும், ரோட்டவேட்டர் மாட்டினால் இன்னும் கூடும். அரை ஏக்கர் வீதம் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும் நிலமென்றால், சாலையில் ஓடும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆகவே டேங்க்கை நிரப்பி ஓட்டி, திரும்ப நிரப்பி, ஒவ்வொரு வேலைக்கும் மணிக்கு எத்தனை லிட்டர் என்று நோட்டில் எழுதிவைப்பது நல்லது. அந்த 600-க்குக் கீழே எந்த மாதத்திலும் இறங்கக் கூடாது.

இரண்டாவது, மழை பெய்த மறுநாள் காலையில் விலையை ஏற்றுவது. கணக்கு சரியாக இருந்தாலும் ஊர் அதை ஏற்காது, ஏற்க வேண்டியதும் இல்லை. இரண்டு வாடகையையும் ஆடியிலேயே கூட்டத்தில் சொல்லி, பலகையில் எழுதிவிட வேண்டும். தேதியை நிர்ணயிக்க வேண்டாம், மழை தேதி பார்த்து வருவதில்லை. அடுத்த மூன்று நாளுக்கு வந்த பதிவு 30 மணியைத் தாண்டினால் மழைக்கால வாடகை தொடங்கும், குறைந்தால் முடியும் என்று வைத்துக்கொண்டால் யாரும் சந்தேகப்பட இடமில்லை. ஓர் ஏக்கர்க்காரருக்கு 90 ரூபாய் ஏற்றமும் பாரம்தான். அவர்கள் ஆவணியிலேயே பெயர் கொடுத்தால் மழைக்குப் பிறகும் 800-க்கே ஓட்டலாம். அப்படி 20 மணி கொடுத்தால் குழுவுக்குக் குறைவது 1,800 ரூபாய். அந்த மிச்சமான 2,000-க்குள் அடங்கிவிடும்.

"இவ்வளவு எதற்கு, இன்னொரு டிராக்டர் வாங்கினால் போதாதா?" என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். மானியம் உண்டு என்றும் சொல்வார்கள். மானியம் நிற்கும் செலவைக் குறைக்கும், ஒழிக்காது. மானியமில்லாத கணக்கையே பார்ப்போம். இரண்டாவது வண்டிக்கும் ஆண்டுக்கு 1,40,000. அது வாங்கப்படுவது விடுபட்ட 80 மணிக்காக. 1,40,000-ஐ 80-ஆல் வகுத்தால் மணிக்கு 1,750; டீசல், கூலி 600 சேர்த்தால் 2,350 ரூபாய். மானியத்தில் பாதி போனாலும் 1,475. மழை நாளில் அந்த வாடகை கொடுக்க எத்தனை பேர் கையை உயர்த்துகிறார்கள் என்று கூட்டத்திலேயே எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு விலைப்பட்டியல் கேட்கப் போகலாம்.