இணையக் கடையின் முதல் விளம்பர நிபுணர்: பணி விவரமும் நேர்காணலும்

வளரும் இணையக் கடைகளில் விளம்பர வேலையைப் பெரும்பாலும் வெளி ஏஜென்சி பார்க்கும், இல்லையென்றால் உரிமையாளரே பார்ப்பார். மாதச் செலவு லட்சங்களைத் தொட்டதும் அதற்கென்று சம்பளத்துக்கு ஓர் ஆளை வைக்க வேண்டிவருகிறது. மெட்டாவிலும் கூகுளிலும் கடையின் பணத்தைப் போட்டு, அதைவிடக் கூடுதலான பணத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அவருடைய வேலை. பணி விவரத்தை எழுத உட்காரும்போது முதலில் முடிவுசெய்ய வேண்டியது, அவருடைய வேலையை எந்த எண்ணைக் கொண்டு அளப்பது என்பதே. அது தெளிவானால் மற்ற வரிகள் தாமாக வந்துவிடும்.

பல பணி விவரங்களில் ‘ரோஆஸ் 3க்கு மேல் இருக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கும். ஒரு ரூபாய் விளம்பரச் செலவுக்கு எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்பதே ரோஆஸ். இதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கற்பனையான ஒரு பருத்திச் சேலைக் கடையின் கணக்கில் பார்க்கலாம்.

ஜிஎஸ்டியை ஒதுக்கிவிட்டால் ஒரு சேலையின் விலை 1,500 ரூபாய். கொள்முதல், பேக்கிங், கூரியர் எல்லாம் சேர்ந்து 900 ரூபாய் போக, கையில் நிற்பது 600 ரூபாய். மாத விளம்பரச் செலவு 3 லட்சம். விளம்பரத் தளம் 600 ஆர்டர்கள், 9 லட்சம் விற்பனை, ரோஆஸ் 3 என்று காட்டுகிறது. ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 500 ரூபாய். ஆக ஆர்டருக்கு 100 வீதம் 60,000 ரூபாய் லாபம் என்று தோன்றும்.

ஆனால் இந்த 600 ஆர்டர்களில் 420 ஆர்டர்கள் கேஷ் ஆன் டெலிவரி என்றும், அவற்றில் கால் பங்கு வாங்கிக்கொள்ளப்படாமல் திரும்பிவிடுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். 105 பார்சல்கள் திரும்புகின்றன. உண்மையில் விற்றது 495 சேலைகள். அவற்றில் கையில் நிற்பது 2,97,000 ரூபாய். திரும்பிய ஒவ்வொரு பார்சலுக்கும் போகவர 200 ரூபாய் வீதம் 21,000 ரூபாய் போகிறது. மிஞ்சும் 2,76,000 ரூபாயில் விளம்பரச் செலவைக் கழித்தால் 24,000 ரூபாய் நஷ்டம். சேலை கதவுக்கு வந்தபோது ‘வேண்டாம்’ என்று சொன்னவரையும் விளம்பரத் தளம் வாங்கியவராகவே எண்ணிவைத்திருக்கிறது. கடை தகவல் கொடுக்காதவரை அதற்கு வேறெதுவும் தெரியாது.

ஆகவே, ‘வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்த ஆர்டர்களின் லாபத்திலிருந்து விளம்பரச் செலவைக் கழித்து நிற்கும் தொகை’ என்பதே பணி விவரத்தில் இருக்க வேண்டிய அளவுகோல். இதற்குக் கொள்முதல் விலையையும் ரிட்டர்ன் கணக்கையும் வருபவருக்குத் திறந்து காட்ட வேண்டும். அந்த எண்களை மறைத்துவைத்துக்கொண்டு அவரை நஷ்டத்துக்குப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. ஊக்கத்தொகை கொடுப்பதானால் அதுவும் இந்த எண்ணோடு கட்டப்பட வேண்டும்.

அடுத்தது அதிகாரம். ஒரு நாளைக்கு எவ்வளவு தொகை வரை அவர் யாரையும் கேட்காமல் கூட்டிக் குறைக்கலாம், எந்த விளம்பரத்தை நிறுத்தலாம், எதற்கு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்பதை எழுதிவிட வேண்டும். விளம்பரக் கணக்கு, பிக்சல், மெர்ச்சன்ட் சென்டர் ஆகியவை கடையின் பெயரிலேயே இருக்கும், நிபுணர் அணுகல் மட்டும் பெறுவார் என்பதையும் சேர்க்க வேண்டும். கணக்கு ஏஜென்சியின் பெயரில் இருந்தால், ஆளை எடுப்பதற்கு முன்பே அதைச் சரிசெய்வது நல்லது. அது கைவிட்டுப் போனால், எந்த மாதிரி ஆள் சேலை வாங்குகிறார் என்று தளம் பல மாதங்களாகத் திரட்டிய தடமும் கூடவே போய்விடும்.

புகைப்படம் எடுப்பது, வீடியோ வெட்டுவது, வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது ஆகியவை இந்த வேலையில் சேராது. எந்த மாதிரிப் படம் வேண்டும் என்று கேட்பதும், எது விற்றது என்று சொல்வதும் அவர் பொறுப்பு. எடுப்பது இன்னொருவர் பொறுப்பு. ஐந்து வேலைகளை ஒரே தலையில் கட்டும் பணி விவரத்தைப் பார்த்ததும் தேர்ந்தவர்கள் விலகிக்கொள்வார்கள்.

நேர்காணலில் ‘எவ்வளவு பட்ஜெட் கையாண்டீர்கள்?’ என்ற கேள்வியால் அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. பெரிய ஏஜென்சியில் ஒரு மூலையில் இருந்தவரும் கோடிக்கணக்கில் சொல்லலாம். அதற்குப் பதில், மேலே உள்ள சேலைக் கணக்கில் தளம் காட்டும் எண்களை மட்டும் கொடுத்து, ‘இந்த மாதம் கடைக்கு லாபமா, நஷ்டமா?’ என்று கேட்கலாம். கையில் நிற்பது எவ்வளவு, கேஷ் ஆன் டெலிவரி எத்தனை, திரும்பியது எத்தனை என்று திருப்பிக் கேட்பவர் வேலை தெரிந்தவர். ரோஆஸ் 3 நல்லதுதான் என்று உடனே சொல்பவருக்கு இன்னும் அனுபவம் வேண்டும்.

இரண்டாவது கேள்வி: ‘நாளொன்றுக்கு 10,000 ரூபாய் இருக்கிறது, மெட்டாவில் எப்படிப் பிரிப்பீர்கள்?’ ஓர் ஆர்டருக்கு 500 ரூபாய் என்றால் நாளுக்கு 20 ஆர்டர், வாரத்துக்கு 140. ஒரு விளம்பரத் தொகுப்பு, அதாவது ஆட் செட், நிலைபெற வாரத்துக்குச் சுமார் 50 ஆர்டர்கள் வேண்டும் என்பது மெட்டாவின் வழிகாட்டல். அப்படியானால் இந்தப் பணம் இரண்டு, மூன்று தொகுப்புகளைத்தான் தாங்கும். வயது, ஊர், ரசனை என்று இருபதாக உடைப்பவரின் தொகுப்புகள் எதுவும் கற்றுத்தேறாது. விடையைவிட, இந்தக் கணக்கை அவர் தாமாகப் போடுகிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது: ‘நேற்றிலிருந்து தளம் இரட்டிப்பு ஆர்டர்கள் காட்டுகிறது. முதலில் எங்கே பார்ப்பீர்கள்?’ கடையின் சொந்த ஆர்டர் பட்டியலில் என்பதே சரியான பதில். அங்கே எண்ணிக்கை மாறவில்லையென்றால் கோளாறு அளவீட்டில் இருக்கிறது. உலாவியில் இருக்கும் பிக்சலும் கடையின் சர்வரும் ஒரே ஆர்டரைத் தனித்தனியாக மெட்டாவுக்குத் தெரிவிக்கும். இரண்டிலும் ஒரே `event_id` போகாவிட்டால் ஓர் ஆர்டர் இரண்டாக எண்ணப்படும். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், இதைச் சந்தேகித்து டெவலப்பரிடம் கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

‘ரோஆஸ் 8 கொண்டுவந்தேன்’ என்று சொல்பவரிடம், அதில் எவ்வளவு கடையின் பெயரையே தேடி வந்தவர்களிடமிருந்தும் பழைய வாடிக்கையாளர்களிடமிருந்தும் வந்தது என்று கேட்க வேண்டும். அவர்களில் பலர் விளம்பரம் இல்லாமலும் வாங்கியிருப்பார்கள். இதை அறிய என்ன சோதனை செய்வீர்கள் என்பது தொடர்கேள்வி. சில ஊர்களில் மட்டும் இரண்டு, மூன்று வாரம் விளம்பரத்தை நிறுத்தி, அங்கே மொத்த விற்பனை எவ்வளவு இறங்குகிறது என்று மற்ற ஊர்களோடு ஒப்பிடுவது ஒரு நல்ல விடை. ஆர்டர் குறைவாக வரும் கடையில் இதன் முடிவு தெளிவாக இருக்காது என்றும் சேர்த்துச் சொன்னால், அவர் அதைச் செய்துபார்த்தவராக இருக்கக் கூடும்.

கடைசிச் சுற்றில், வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிய மூன்று மாதத் தரவைக் கொடுத்து, முதல் மாதம் என்ன செய்வார் என்று ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லலாம். அந்த உழைப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும். வேலைக்கு எடுக்காதவரின் யோசனையை இலவசமாக எடுத்துக்கொள்வது தவறு. புது விளம்பரம் போடுவதற்கு முன் அளவீட்டைச் சரிபார்ப்பேன் என்று அந்தப் பக்கம் தொடங்கினால் அவரை முன்வரிசையில் வைக்கலாம். கணக்கைத் திறந்து பார்க்காமலே விற்பனையை இத்தனை மடங்காக்குவேன் என்று உறுதி கொடுப்பவரை அந்தச் சுற்றுக்கே அழைக்க வேண்டியதில்லை.