கம்பிச்சுருளுக்குள் ஒளிந்திருக்கும் மின்தடை

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இணை ஒத்ததிர்வுச் சோதனை செய்யும் மாணவருக்குப் பெரும்பாலும் ஒரு குழப்பம் வரும். 100 மில்லிஹென்றி சுருள் ஒன்றையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் பக்கம் பக்கமாக இணைத்து மாறுமின்னோட்டம் கொடுக்கிறார். அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனால் மில்லியம்மீட்டர் முள் இறங்கி, ஓரிடத்தில் மிகக் குறைந்து, பிறகு மேலே ஏறுகிறது. அந்தத் தாழ்ந்த இடம் 502 ஹெர்ட்ஸ். சுருளின் மின்தடை 100 ஓம். அதையும் சேர்த்துப் பாடநூல் சூத்திரத்தில் கணக்குப் போட்டால் 477 ஹெர்ட்ஸ் என்று வருகிறது. சோதனையும் சரி, சூத்திரமும் சரி. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

முள் ஏன் இறங்குகிறது என்பதை முதலில் பார்ப்போம். மாறுமின்னோட்டத்தில் மின்தேக்கி வழியாகப் போகும் ஓட்டம் மின்னழுத்தத்தைவிடக் கால் சுற்று முந்தும். மின்தடையே இல்லாத சுருளில் அது கால் சுற்று பிந்தும். ஆக இரண்டும் நேரெதிர்த் திசையில் இருக்கின்றன. அளவிலும் சமமாகிவிட்டால் ஒன்றுக்குத் தேவையானதை மற்றொன்றே கொடுத்துவிடும். அடுத்தடுத்த இரண்டு வீட்டார் தங்களுக்குள்ளேயே கைமாற்று வாங்கித் திருப்பிக்கொண்டிருந்தால் வெளியே கடன் கேட்க வேண்டியதில்லை அல்லவா, அப்படி. உள்ளே ஓட்டம் பலமாகச் சுழன்றாலும் மூலத்திலிருந்து வருவது மிகச் சொற்பம். கொடுத்த மின்னழுத்தத்துக்குச் சொற்ப ஓட்டமே வருகிறது என்றால் இம்பீடன்ஸ் மிக அதிகம் என்றுதான் பொருள். மின்தடை துளியும் இல்லையென்றால் அது எல்லையற்றதாகிவிடும்.

நிஜச் சுருள் செப்புக் கம்பியால் ஆனது. அதற்கு மின்தடை உண்டு. அதனால் சுருளின் ஓட்டம் முழுக் கால் சுற்று பிந்துவதில்லை. அதில் ஒரு பங்கு மின்னழுத்தத்தோடு ஒத்த கட்டத்தில் ஓடி, கம்பியைச் சூடாக்குகிறது. அந்தப் பங்கை மின்தேக்கியால் ஈடுகட்ட முடியாது. மூலம்தான் கொடுத்தாக வேண்டும். உச்சத்துக்கு ஓர் எல்லை வருவது இதனால்தான்.

நம் சுற்றுக்கு 10 வோல்ட் கொடுத்துப் பார்ப்போம். மின்தடையைக் கணக்கில் கொள்ளாத சூத்திரம் சொல்லும் இடம் 503 ஹெர்ட்ஸ். அங்கே மின்தேக்கி 31.6 மில்லியாம்பியர் எடுக்கிறது. சுருளின் பிந்தும் பங்கோ சுமார் 28.7தான், ஏனென்றால் மின்தடை அதைக் குறைத்துவிட்டது. கணக்கு நேராகவில்லை. அதிர்வெண்ணைக் குறைத்தால் மின்தேக்கியின் ஓட்டம் இறங்கும், சுருளின் பிந்தும் பங்கு ஏறும். 477.5 ஹெர்ட்ஸில் இரண்டும் 30 மில்லியாம்பியருக்கு வந்து சந்திக்கின்றன. மீதம் நிற்பது சூடாக்கும் 10 மில்லியாம்பியர் மட்டும். இம்பீடன்ஸ் 1,000 ஓம். பாடநூல் ஒத்ததிர்வு என்று சொல்வது இந்த இடத்தைத்தான்:

f = (1/2π) √(1/LC − R²/L²)

ஆனால் மிகக் குறைந்த ஓட்டம் இங்கே இல்லை. 502 ஹெர்ட்ஸுக்குப் போனால் முந்தும் ஓட்டம் கிட்டத்தட்ட 3 மில்லியாம்பியர் ஈடாகாமல் மிஞ்சுகிறது, உண்மைதான். அதே நேரத்தில் அதிர்வெண் ஏறியதால் சூடாக்கும் பங்கு 10-லிருந்து 9.1-க்கு இறங்கிவிடுகிறது. கால் சுற்று விலகி நிற்கும் இரண்டு ஓட்டங்களை நேராகக் கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் 9.5 வருகிறது. இம்பீடன்ஸ் 1,049 ஓம். முள் தேடிப் போனது இந்த இடத்தைத்தான்.

எந்த இடத்தில் நிற்கிறோம் என்று மில்லியம்மீட்டர் சொல்லாது. சுற்றோடு தொடராக 10 ஓம் போன்ற சிறு மின்தடை ஒன்றைப் போட்டு, அதன் மின்னழுத்தத்தையும் சுற்றின் மின்னழுத்தத்தையும் அலைநோக்கியின் இரு அச்சுகளிலும் கொடுக்க வேண்டும். 477-ஐ நெருங்கும்போது திரையில் தெரியும் நீள்வட்டம் ஒடுங்கி நேர்கோடாகும். 502-இல் அது மறுபடி விரிந்திருக்கும். சுருளுக்குள் இரும்பு இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: மல்டிமீட்டர் காட்டுவது நேர்மின்னோட்டத்துக்கான மின்தடை மட்டுமே. இரும்பில் ஏற்படும் இழப்பு அதில் வராது. அதனால் உச்சம் கணக்கிட்டதைவிடத் தாழ்ந்தே நிற்கும்.

இந்த இடப்பெயர்ச்சி எல்லாச் சுற்றிலும் இவ்வளவு பெரிதாக இருக்காது. மத்திய அலை வானொலியில் சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸைப் பிடிக்க 250 மைக்ரோஹென்றி சுருளும் ஏறக்குறைய 195 பிக்கோஃபாரட் மின்தேக்கியும் போதும். சுருளின் மின்தடை 10 ஓம் என்றால் ஒத்ததிர்வு நகர்வது வெறும் 28 ஹெர்ட்ஸ். அதைக் காது உணராது. இங்கே மின்தடை தன் வேலையை உச்சத்தின் உயரத்திலும் அகலத்திலும் காட்டுகிறது. 10 ஓமில் உச்சம் சுமார் 1,28,000 ஓம், அகலம் 6.4 கிலோஹெர்ட்ஸ். ஈரம் ஏறியோ மட்டமான கம்பியாலோ இழப்பு இரட்டித்து 20 ஓம் ஆனால் உச்சம் பாதியாகிறது, அகலம் 12.7 கிலோஹெர்ட்ஸ் ஆகிறது. இந்தியாவில் மத்திய அலை நிலையங்களின் அதிர்வெண்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒதுக்கப்பட்டவை. அகன்றுவிட்ட அந்த உச்சத்தின் சரிவில் பக்கத்து நிலையமும் ஏறிவிடும். இரவில் தொலைதூர நிலையங்கள் வலுத்து வரும்போது இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்கத் தொடங்கும்.