கல்லாப்பெட்டி – 17: தீபாவளி மிச்சம்

கல்லிடைக்குறிச்சி மாதிரி ஊரில் துணிக்கடை வைத்திருப்பவருக்குக் கல்யாணப் பட்டு வியாபாரம் பெரிதாக வராது. அதற்கு ஜனங்கள் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய்விடுகிறார்கள். ஊர்க்கடை நம்பியிருப்பது பிள்ளைகளின் தீபாவளித் துணியை. அதிலும் பாதி வியாபாரம் கடைசி நாலைந்து நாளில்தான். அந்த நாட்களில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அப்பளம் காயப்போட்டவர்களோடு சேர்ந்து துணிக்கடைக்காரரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

பண்டிகை முடிந்த மறுநாள் அலமாரியில் மிச்சம் நிற்கும். அப்போது கடைக்காரர்கள் இரண்டு வகையாகப் பிரிவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர், "அடக்க விலைக்குக் கீழ ஒரு ரூவா கொறச்சுத் தரமாட்டேன் சார், அடுத்த தீவாளிக்குப் போவும்" என்பார். இன்னொருவர் பயந்துபோய் மறுநாளே வாசலில் 'பாதி விலை' என்று எழுதி மாட்டிவிடுவார். இரண்டு பேரும் பணத்தை விடுகிறார்கள். எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை. எண்கள் நான் வைத்துக்கொண்டவை.

பையன்களுக்கான பேன்ட்-சட்டை செட் 100 வாங்குகிறோம். அடக்கம் 500 ரூபாய், டேக் விலை 900. தீபாவளி வரை 68 போகிறது. கல்லாவுக்கு வந்தது 61,200. போட்ட 50,000 ஏற்கெனவே திரும்பிவிட்டது. மிச்சம் 32 செட். 'அடக்கத்துக்குக் கீழே தரமாட்டேன்' என்கிறவர் இந்த இடத்தில்தான் தவறுகிறார். அவர் ஒவ்வொரு செட்டின் நெற்றியிலும் 500 என்று எழுதிவைத்துப் பார்க்கிறார். அந்த 500 போன புரட்டாசியிலேயே செலவாகிவிட்டது. இனி கேட்கவேண்டிய கேள்வி, இந்த 32 செட் எப்போது எவ்வளவு பணமாகும் என்பதுதான். அடுத்த தீபாவளிக்குள் மடிப்பு மஞ்சளாகிவிடும். சட்டையின் காலரும் டிசைனும் பழசாகிவிடும்.

பாதி விலைக்காரருக்கு 32 செட்டும் போனால் 14,400. போனால் என்பதை மறக்கவேண்டாம். தீபாவளி மறுநாள் எல்லா வீட்டிலும் புதுத்துணி இருக்கும். அன்றைக்கு யாரும் வாங்க வருவதில்லை. அதைவிட மோசமான ஒன்று உண்டு. போன வாரம் 900 கொடுத்து வாங்கிப் பிள்ளைக்குப் போட்டுவிட்ட அம்மா, எதிர்வீட்டுப் பையன் அதே சட்டையை 450-க்குப் போட்டிருப்பதைப் பார்ப்பாள். சின்ன ஊரில் பிராண்ட் என்பது பெயர்ப்பலகையில் இல்லை. இந்த இரண்டு வீட்டுப் பேச்சில் இருக்கிறது. அடுத்த வருஷம் அவள் தீபாவளி முடியட்டும் என்று காத்திருப்பாள்.

இந்த இருவரையும் போலன்றி, படிப்படியாக விலையை இறக்குகிறவர் நாள்காட்டியைப் பார்க்கிறார். திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்துமஸ் பெரிய துணிப் பண்டிகை. அதனால் தீபாவளி முடிந்ததும் சரக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, டிசம்பர் முதல் வாரம் முழு விலைக்கே மறுபடி மாட்டுகிறார். 8 செட் போகிறது: 7,200. பொங்கலுக்கு முந்தின பத்து நாள் 20 சதவீதம் குறைத்து 720-க்கு 9 செட்: 6,480. ஆக, தை பிறக்கும்போது கையில் 13,680. பாதி விலைக்காரருக்கு இரண்டு மாசம் முன்னால் அதிகபட்சமாகக் கிடைக்கக்கூடியதும் கிட்டத்தட்ட இதுவே. இவர் அலமாரியில் இன்னும் 15 செட் இருக்கிறது.

இரண்டாவது இறக்கம் ஆடியில். கல்யாணம் இல்லாத மாசம். ஆவணி முகூர்த்தத்துக்கும் அடுத்த தீபாவளிக்கும் அலமாரியைக் காலி செய்ய இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஊர் முழுக்கத் தள்ளுபடி என்பதால் இந்தக் கடை மட்டும் மலிந்துவிட்டது என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டமும் கல்லிடைக்குறிச்சிச் சாலையில்தான். ஆடி தொடக்கத்தில் 40 சதவீதம் குறைத்து 540-க்கு 9 செட்: 4,860. கடைசிப் பத்து நாள் 60 சதவீதம் குறைத்து 360-க்கு 4 செட்: 1,440. மொத்தம் 19,980. தை முதல் ஆடி வரை 15 செட்டில் முடங்கின 7,500 ரூபாய்க்கு நூற்றுக்கு இரண்டு வட்டி போட்டாலும் 900-தான் கழியும்.

விலையைக் குறைக்குமுன் சைஸ் வாரியாக மிச்சத்தை எண்ணவேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. எல்லா சைஸிலும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றால் டிசைனோ விலையோ பிடிக்கவில்லை, இறக்கினால் போகும். நடு சைஸ் எல்லாம் தீர்ந்து 20-ம் 34-ம் மட்டும் நின்றால் அது சைஸ் உடைந்த சரக்கு. மூன்று வயதுப் பிள்ளைக்கு 34 சைஸ் சட்டையை ஐம்பது ரூபாய்க்குக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். அதற்குத் தள்ளுபடி மருந்தல்ல. ஏஜென்டிடம் பேசி மாற்றுவதோ, அம்பாசமுத்திரத்திலோ வீரவநல்லூரிலோ உள்ள கடையோடு சைஸ் பரிமாறிக்கொள்வதோதான் வழி.

இன்னொரு எல்லை: வெள்ளை வேட்டி, பனியன், பள்ளிச் சீருடை போன்ற நித்தியச் சரக்கு இந்த ஏணியில் ஏறவே கூடாது. அவற்றைத் திரும்பத் திரும்ப வாங்கி விற்கிறோம். அங்கே அடக்கம் உயிரோடு இருக்கிற கணக்கு. அடக்கம் 500, விலை 900 உள்ள பொருளில் 20 சதவீதம் குறைத்தால் லாபம் 400-லிருந்து 220 ஆகிவிடும். பழைய லாபத்தை எட்ட ஏறக்குறைய இரண்டு மடங்கு விற்கவேண்டும். ஆடிக் கூட்டத்தைப் பார்த்து வேட்டியையும் தள்ளுபடியில் சேர்க்கிறவர்கள் கல்லா நிறைந்தும் கை வறண்டு நிற்பது இதனால்தான்.

படிகளை வெளிப்படையாகவே சொல்லி விற்ற கடை ஒன்று இருந்தது. பாஸ்டன் நகரில் எட்வர்ட் ஃபைலீன் 1909-ல் தன் கடையின் நிலவறையில் தொடங்கியது. ஒவ்வொரு துணியிலும் அது தளத்துக்கு வந்த தேதி இருக்கும். 12 விற்பனை நாள் ஆனால் கால்வாசி குறையும், 18 நாளில் பாதி, 24 நாளில் முக்கால்வாசி, 30 நாளில் தர்மத்துக்கு. எல்லாரும் கடைசி வரை காத்திருக்க மாட்டார்களா? மாட்டார்கள். பிடித்த கோட்டு அதுவரை மாட்டியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. காத்திருப்பவருக்குப் பொருள் கைவிட்டுப் போகும் பயம் இருந்தால்தான் படிகள் வேலை செய்யும். ஆகவே ஆடிக்கு விற்பதற்கென்றே மட்டமான துணியைப் புதிதாக வாங்கிக் கலக்கவேண்டாம். கலந்தால் சரக்கு தீரவே தீராது; வாடிக்கையாளரும் முழு விலைக்கு ஒருநாளும் வாங்கமாட்டார். தள்ளுபடிக்கு முன்னால் டேக் விலையை ஏற்றி ஒட்டுவதைச் சொல்லவே வேண்டாம். ஐப்பசியில் 900 என்று பார்த்தவர் ஆடியில் 1,200 அடித்திருப்பதைக் கவனிக்காமலா இருப்பார்?

செய்முறை எளிது. செட் கடைக்கு வரும் அன்றே டேக்கின் பின்பக்கம் மாசத்தையும் வருஷத்தையும் பேனாவால் எழுதிவிடுங்கள். இறக்கின சரக்கை முன் கண்ணாடியில் மாட்டாமல் உள்பக்க ஸ்டாண்டில் மாட்டுங்கள். தள்ளுபடியைப் பில்லிலேயே காட்டிக் கழியுங்கள். அப்போது குறைத்த விலைக்குத்தான் ஜிஎஸ்டி.

கணக்கில் இன்னும் 2 செட் மிச்சம். ஆவணி ஒன்றாம் தேதி அவை கடையில் இருக்கக்கூடாது. லாட் வியாபாரியிடம் தள்ளுவதானால் கடைப் பெயர் போட்ட லேபிளை வெட்டிவிட்டுக் கொடுக்கவேண்டும். இல்லையேல் அதே சட்டை நம் பெயரோடு ஏதாவது ஒரு சந்தையில் தரையில் கிடக்கும். இரண்டே செட் என்றால் லாட்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார். யாருக்காவது தானமாகக் கொடுத்துவிடலாம். ஆனால் இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு, வாங்கும்போது எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பவேண்டும். அந்த இரண்டு செட்டின் பில்லைத் தனியாக எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)