மொட்டை மாடித் தொட்டி: ஒரு போட்டோவில் எவ்வளவு தெரியும்?

(வீடு பார்க்கலாம் - 14)

திருவண்ணாமலையில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கும் வாசகி ஒருவர், மொட்டை மாடியில் எடுத்த ஒரு போட்டோவை அனுப்பியிருந்தார். பூசாத செங்கல் மேடை, அதன்மேல் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி, பக்கவாட்டில் இறங்கும் குழாய். அந்தத் தெருவில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருமாம். "சார், ஓனர் ஆயிரம் லிட்டர்னு சொல்றார். எனக்கென்னவோ ஐந்நூறு மாதிரி தெரியுது. போட்டோவைப் பார்த்தே சொல்லிட முடியுமா?" என்று கேட்டார். தொட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப் போயிருந்ததால், அதிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

ஓரளவுக்குச் சொல்ல முடியும். அதற்குக் காரணம், பிளாஸ்டிக் தொட்டிகள் நினைத்த அளவில் வருவதில்லை. கடையில் கிடைப்பது 500, 750, 1000, 1500, 2000 என்று சில அளவுகள்தான். போட்டோவிலிருந்து நமக்குக் கிடைப்பது தோராயமான ஓர் எண். அது இந்த வரிசையில் எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

ஆனால் பக்கத்துப் பக்கத்து அளவுகளைப் பிரிப்பது சிரமம். தொட்டியின் கொள்ளளவு விட்டத்தையும் உயரத்தையும் பொறுத்தது. அதிலும் விட்டம் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது. அதனால் நீள அளவில் 10 சதவீதம் கூட்டிப் படித்துவிட்டால், கொள்ளளவு 33 சதவீதம் கூடிவிடும். 750 லிட்டருக்கும் 1000 லிட்டருக்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான். ஒரே வடிவில் செய்த 750-ஐயும் 1000-ஐயும் அருகருகே வைத்தால், பெரியது சுமார் 10 சதவீதம் மட்டுமே உயரமாகவும் அகலமாகவும் இருக்கும். கண்ணால் மட்டும் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. 500-க்கும் 1000-க்கும் இடையே என்றால் வித்தியாசம் 26 சதவீதம் வரும். அதைச் சுமாரான போட்டோவிலும் பிடித்துவிடலாம்.

அளக்க ஒரு அளவுகோல் வேண்டும். இந்தப் போட்டோவில் அது மேடையிலேயே இருந்தது. நம் ஊர்ச் செங்கல் 9 அங்குல நீளம், 3 அங்குல உயரம். இணைப்புக் கலவைக்கு அரை அங்குலம் சேர்த்தால், நீளவாக்கில் ஒரு கல்லுக்கு 24 செ.மீ., ஒரு வரிக்கு சுமார் 9 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். மேடை பூசப்படாமல் இருந்ததால் கல்லை எண்ண முடிந்தது. மேடையின் முன்பக்கம் நாலரைக் கல், அதாவது 108 செ.மீ. அந்தக் கல்லைக் கொண்டு அளந்தால் தொட்டியின் அகலம் மூன்றரைக் கல், 84 செ.மீ. வந்தது. அடியிலிருந்து தோள்பட்டை வரை, அதாவது மேலே கூம்பத் தொடங்கும் இடம் வரை, 88 செ.மீ.

இனி கணக்கு எளிது. விட்டத்தை மீட்டரில் எழுதி அதையே அதனால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும்.

785 × 0.84 × 0.84 × 0.88 = 487

அப்படியானால் வாசகி சொன்ன ஐந்நூறுதானே சரி? இல்லை. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

கல்லை எண்ணியது மேடையின் முன்முகத்தில். தொட்டியின் அகலம் தெரிவதோ அதன் இடது, வலது ஓரங்களில். அந்த ஓரங்கள் தொட்டியின் நடுக்கோட்டுக்கு நேரே இருக்கின்றன. முன்முகத்திலிருந்து அரை மேடை தூரம் பின்னால். கேமராவுக்குத் தூரமாக இருப்பது சிறிதாகத்தான் பதியும். முன்னால் இருக்கும் கல்லை வைத்துப் பின்னால் இருக்கும் தொட்டியை அளந்தால், தொட்டி உள்ளதைவிடச் சிறியதாகவே கிடைக்கும்.

எவ்வளவு சிறியதாக என்பது நின்ற தூரத்தைப் பொறுத்தது. எங்கே நின்று எடுத்தீர்கள் என்று கேட்டேன். மேடையிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, கைப்பிடிச் சுவரோரம் என்றார். அரை மேடை என்பது ஒன்றேமுக்கால் அடி. ஆக, கல் 12 அடியில், தொட்டியின் ஓரம் பதின்மூன்றேமுக்கால் அடியில். இரண்டையும் வகுத்தால் 1.15. 84 செ.மீ. உண்மையில் 97 செ.மீ.க்கு அருகில் வரும், 88 செ.மீ. 101 ஆகும். திருத்திய கணக்கு இது:

785 × 0.966 × 0.966 × 1.01 = 740

வரிசையில் இதற்குப் பக்கத்தில் இருப்பது 750. ஓனர் சொன்னதும் இல்லை, வாசகி நினைத்ததும் இல்லை.

750-க்கும் 1000-க்கும் நடுவே நீள அளவில் 10 சதவீதம்தான் இடைவெளி என்றேன் அல்லவா, அதனால் இதை இன்னொரு வழியிலும் சரிபார்க்க வேண்டியிருந்தது. தொட்டியின் ஓரத்திலேயே, அதே தூரத்தில், வெள்ளை யூபிவிசி குழாய் இறங்கியது. போட்டோவைப் பெரிதாக்கினால் குழாயின் மேல் அச்சிட்ட அளவு தெரிந்தது: ஒரு இஞ்ச். ஒரு இஞ்ச் என்பது பெயர் அளவு. அந்தக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மில்லிமீட்டர். தொட்டியின் அகலம் குழாயைப்போல் 29 மடங்கு இருந்தது. பெருக்கினால் 97 செ.மீ. தூரத்துக்கான திருத்தம் இங்கே தேவையில்லை, இரண்டும் ஒரே தளத்தில் இருப்பதால். ஆனால் குழாயை மட்டும் நம்பக் கூடாது. மெல்லிய பொருள் என்பதால், அளக்கும்போது ஒரு மயிரிழை பிசகினாலும் பல சதவீதம் மாறிவிடும். அச்சு தெரியாத குழாயை ஒரு இஞ்ச் என்று நாமே முடிவு செய்வதும் ஆபத்து. ஒன்றேகால் இஞ்ச் குழாயும் தூரத்தில் அப்படியேதான் தெரியும்.

இந்தப் போட்டோவில் ஒரு நல்ல காரியம் தானாகவே நடந்திருந்தது. மேடை மூன்றடி உயரம். வாசகி கண் மட்டத்தில் போனைப் பிடித்ததால், கேமரா தொட்டியின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தது. தெருவில் நின்று அண்ணாந்து எடுத்த போட்டோவில் உயரம் குறுகித் தெரியும், மேடையின் விளிம்பு தொட்டியின் அடிப்பாகத்தை மறைக்கும். அதை வைத்துக் கணக்குப் போடுவது வீண். நீங்கள் எடுப்பதானால், இடமிருக்கும் வரை பின்னால் போய், ஜூம் செய்து எடுங்கள். முப்பது அடி தள்ளி நின்றால், நாம் பார்த்த 15 சதவீதப் பிழை 6 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஒரு மீட்டர் ஸ்கேலையோ டேப்பையோ முன்பக்கம் சாய்த்து வைக்காமல், தொட்டியின் பக்கவாட்டு ஓரத்தை ஒட்டி நிறுத்தினால் திருத்தமே தேவைப்படாது.

மறுநாள் வாசகி மேலே போய்த் தொட்டியைக் கயிற்றால் சுற்றி அளந்தார். சுற்றளவு பத்தடி. 3.14-ஆல் வகுத்தால் 97 செ.மீ.

ஆனால் 750 லிட்டர் தொட்டி என்றால் வீட்டுக்கு 750 லிட்டர் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. குழாய் வெளியே வரும் இடத்தில் இருக்கும் டேங்க் நிப்பிள், தொட்டியின் அடியிலிருந்து சுமார் 10 செ.மீ. மேலே பொருத்தப்பட்டிருந்தது. இந்த விட்டமுள்ள தொட்டியில் 10 செ.மீ. உயரத்துக்கு 73 லிட்டர். அது குழாயில் வராது. வண்டல் கீழே தங்கட்டும் என்று கொஞ்சம் உயர்த்தி வைப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் கணக்கில் கழிக்க வேண்டும். ஓவர்ஃப்ளோ குழாய் தோள்பட்டைக்கு 8 செ.மீ. கீழே இருந்தது, அதற்கு மேல் தண்ணீர் நிற்காது. இன்னொரு 59 லிட்டர் போகிறது. மிச்சம் 600 லிட்டர் சொச்சம். இரண்டு நாளைக்கு அவர் குடும்பத்துக்குப் போதுமா என்று பார்க்க வேண்டிய எண் இதுதான். வாடகை பேசும்போது எல்லோரும் சொல்வது தொட்டியின் மேல் எழுதிய எண். நான் எப்போதும் நிப்பிளையும் ஓவர்ஃப்ளோவையும்தான் முதலில் பார்ப்பேன்.

தரத்தைப் பொறுத்தவரை போட்டோ இவ்வளவு தாராளமாகப் பேசாது. பளபளப்பை நம்பாதீர்கள், மட்டமான தொட்டியும் புதிதில் பளபளக்கும். தேட வேண்டியது உடம்பிலேயே அச்சாகப் பதிந்த எழுத்துகளை. ஸ்டிக்கரை யாரும் எதன் மேலும் ஒட்டலாம். சுழற்சி முறையில் வார்க்கும் பாலிஎத்திலீன் தொட்டிகளுக்கான இந்தியத் தர எண் IS 12701. ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே இந்த எண்ணும், கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை BIS Care என்ற செயலியில் போட்டால், எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். முத்திரை மட்டும் இருந்து, உரிம எண் இல்லாவிட்டால் அதை முத்திரையாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திருவண்ணாமலைத் தொட்டியில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. மாலை வெயில் தொட்டிக்குப் பின்னாலிருந்து விழுந்த அந்தப் போட்டோவில், தொட்டியின் நடுவே குறுக்காக ஒரு மங்கலான கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே நிறம் சற்று அடர்த்தி, மேலே வெளிச்சம். அது உள்ளே நின்ற தண்ணீர் மட்டம். வெளியிலிருந்து தண்ணீர் மட்டம் தெரிகிறது என்றால், சுவர் வழியாக வெளிச்சம் உள்ளே போகிறது. வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும். நல்ல வெள்ளைத் தொட்டிகளில் வெளிச்சத்தைத் தடுப்பதற்கென்றே உள்ளே ஒரு கறுப்பு அடுக்கு இருக்கும். இதில் அது இல்லை, அல்லது போதாத அளவுக்கு மெல்லியது.

இதை உறுதி செய்ய இரண்டு போட்டோ கேட்டேன். ஒன்று, மூடியைத் திறந்து வாய் விளிம்பைக் கிட்டத்தில் எடுத்தது. விளிம்பு வெட்டிய இடத்தில் அடுக்குகளும் தடிமனும் தெரியும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் ஒப்பிடச் சுலபம். இன்னொன்று, உச்சி வெயிலில் மூடியைக் கை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, மீதி இடைவெளியைத் துணியால் மூடி உள்ளே எடுத்தது. விளிம்பில் ஒரே வெள்ளை அடுக்குதான் இருந்தது. உள்ளே, வெயில் படும் பக்கம் முழுக்க விளக்குப் போட்டதுபோல் ஒளிர்ந்தது. தண்ணீருக்குச் சற்று மேலே பச்சைப் படலம்.

நிப்பிளைச் சுற்றியும் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே இறங்கிய குழாய்க்கும் கேட் வால்வுக்கும் ஒரு கிளாம்ப்கூட இல்லை. அத்தனை பாரமும் நிப்பிளில் தொங்கியது. நிப்பிளின் கீழ்ப்பக்கம் தொட்டிச் சுவரில் சன்னமான வெளிர்க் கோடுகள் கிளம்பியிருந்தன. பிளாஸ்டிக் இழுபட்டு விரிசலுக்குத் தயாராகும்போது இப்படித்தான் வெளுக்கும். வெயில் பட்டு மேற்பரப்பு பொடிவதும் வெளுப்பாகத்தான் தெரியும். ஆனால் அது வெயில் பக்கம் முழுக்கப் பரவியிருக்கும், ஓட்டையைச் சுற்றி மட்டும் கிளம்பாது.

போட்டோ சொல்லாதவையும் உண்டு. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்திருக்கிறார்களா, குடிநீருக்கு உகந்த மூலப்பொருள்தானா என்பதை எந்தப் படத்தாலும் உறுதி செய்ய முடியாது. சொரசொரப்பு, சிறு குமிழிகள், திட்டுத் திட்டான நிறம் ஆகியவை சந்தேகத்தைத்தான் கிளப்பும், நிரூபிக்காது.

வாசகிக்கு எழுதிய பதில் இது: தொட்டி 750 லிட்டர், கைக்கு வருவது 600 சொச்சம். குழாய்க்குச் சுவரில் இரண்டு கிளாம்ப் அடிக்கச் சொல்லுங்கள். வெளிர்க் கோடுகள் நீண்டால் தொட்டியை மாற்றித்தான் ஆக வேண்டும். அதுவரை இந்தத் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாயிலிருந்து நேரே பிடியுங்கள். தொட்டியை மாற்றும்போது 1000 லிட்டர் கேட்பதானால், தண்ணீர் மட்டுமே ஒரு டன் எடை. அடிப்பாகம் முழுவதும் மேடைமேல் உட்கார வேண்டும். 108 செ.மீ. மேடையில் அது விளிம்போடு விளிம்பாகத்தான் நிற்கும், ஆகவே மேடையையும் ஒரு கல் அகலப்படுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: தரைக்கு அடியில் இருக்கும் சம்ப்